சாலை அடைபட்டதென்று கடிதம் வந்தால்: சரக்கு ஒப்பந்தத்தில் தடுக்கவொண்ணா நிகழ்ச்சி ஷரத்து

2011 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், முல்லைப் பெரியாறு அணையைக் குறித்து எழுந்த கிளர்ச்சியின்போது, கூடலூருக்கும் குமுளிக்கும் இடையேயுள்ள மலைச்சாலையில் போக்குவரத்து நின்றுபோனதை நம் பகுதி அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். லோயர் கேம்ப்பைத் தாண்டி லாரி ஏறவில்லை. மேலேயிருந்து இறங்கவும் இல்லை. கேரளத்துக்குப் போகவேண்டிய காய்கறியும் இலையும் இங்கே வாடின. அங்கிருந்து வரவேண்டிய சரக்குகளும் அங்கேயே தங்கின. அத்தகைய நாட்களில் சரக்கு தருவதாக ஒப்புக்கொண்டவரிடமிருந்து சங்கத்துக்கு ஒரு கடிதம் வருவது இயல்பே. 'எமது சக்திக்கு மீறிய காரணத்தால் சரக்கு அனுப்ப இயலவில்லை. ஒப்பந்தத்தின் இன்ன ஷரத்தின்படி எமக்குப் பொறுப்பில்லை' என்று அதில் எழுதியிருக்கும். கடிதத்தைப் படித்த காரியதரிசி அதைக் கோப்பில் வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டால், சங்கத்தின் முன்பணமும் நஷ்டஈட்டு உரிமையும் பெரும்பாலும் அந்தக் கோப்பிலேயே அடங்கிவிடும். அக்கடிதத்துக்கு வாங்குபவர் எவ்வாறு பதில் செய்யவேண்டும் என்பதையே இப்பாடத்தில் காண்போம்.

அந்த ஷரத்துக்கு வக்கீல்கள் வழங்கும் பெயர் 'ஃபோர்ஸ் மஜூர்' என்பதாகும். பிரெஞ்சு மொழிச் சொல்லான இதற்கு மேலான வலிமை என்பது பொருள். இதைத் தெய்வச் செயல் என்று மொழிபெயர்ப்பது வழக்கமாயினும் அது முழுப் பொருளையும் தராது. வெள்ளமும் இடியும் தெய்வச் செயல்கள். போரும், அரசாங்கத் தடையும், வேலைநிறுத்தமும் மனிதச் செயல்கள். ஆப்பிரிக்கப் பருத்தியைப் பற்றிய ஒரு வழக்கில் நமது உச்ச நீதிமன்றம் 1961 ஆம் ஆண்டில் இச்சொல்லை ஆராய்ந்து, இது தெய்வச் செயல் என்பதைவிட விரிந்த பொருளுடையது என்று கூறியிருக்கிறது. ஆகவே இப்பாடத்தில் இதனைத் தடுக்கவொண்ணா நிகழ்ச்சி என்றே குறிப்போம்.

இனி ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இதில் வரும் சங்கமும் வியாபாரியும் தொகைகளும் கணக்கு விளங்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. கூடலூரிலுள்ள ஒரு விவசாயிகள் சங்கம், திராட்சைப் பந்தலுக்கும் வாழைக்கும் வேண்டிய தென்னங்கயிறு 4,000 கிலோ வாங்க ஆலப்புழை வியாபாரி ஒருவருடன் ஒப்பந்தம் செய்கிறது. விலை கிலோவுக்கு 40 ரூபாய். ஆக மொத்தம் 1,60,000 ரூபாய். முன்பணம் 40,000 ரூபாய் கொடுத்தாயிற்று. டிசம்பர் 15 ஆம் தேதிக்குள் கூடலூர்க் கிடங்கில் சரக்கு இறங்கவேண்டும். வெள்ளம், தீ, கலகம், அரசாங்க உத்தரவு, சாலைத் தடை ஆகியவற்றால் 'தடுக்கப்பட்டால்' தடை நீங்கும்வரை தவணை தள்ளிவைக்கப்படும் என்றும், அத்தகைய நிகழ்ச்சியை 7 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்காவிட்டால் ஷரத்தின் சலுகை கிடையாது என்றும் ஒப்பந்தத்தில் கண்டிருக்கிறது. டிசம்பர் முதல் வாரத்தில் சாலை அடைபடுகிறது. வியாபாரியின் கடிதம் டிசம்பர் 20 ஆம் தேதியிட்டு வருகிறது. சாலை அடைபட்டதால் சரக்கு அனுப்ப இயலவில்லை என்பது அதன் முதற் பகுதி. இப்பொழுது கயிற்றின் விலை ஏறிவிட்டதால் இனி கிலோவுக்கு 52 ரூபாய் தரவேண்டும் என்பது இரண்டாம் பகுதி.

காரியதரிசி முதலில் செய்யவேண்டியது ஒப்பந்தத்தை எடுத்து அந்த ஷரத்தைச் சொல் சொல்லாகப் படிப்பதாகும். சாலை அடைபட்டது உண்மைதானே, நாமே கண்ணால் பார்த்தோமே என்று எண்ணி ஒப்புக்கொண்டுவிடுவது பலரும் செய்யும் பிழை. நிகழ்ச்சி உண்மையாக இருப்பது வேறு. அந்த நிகழ்ச்சிதான் இந்தச் சரக்கை வரவிடாமல் தடுத்தது என்பது வேறு. ஷரத்து இரண்டாவதையே கேட்கிறது. சாலை அடைபட்ட நாளில் வியாபாரியின் கிடங்கில் 4,000 கிலோ கயிறு கட்டி ஆயத்தமாக இருந்ததா? லாரிக்கு முன்பதிவு செய்திருந்தாரா? திரிக்கவே தொடங்காத கயிற்றைச் சாலை எவ்வாறு தடுத்திருக்க முடியும்? சாலை திறந்திருந்தாலும் டிசம்பர் 15 ஆம் தேதி வந்திருக்காத சரக்குக்குச் சாலையைக் காரணம் காட்ட இடமில்லை.

அடுத்த கேள்வி, வேறு வழி இருந்ததா என்பது. இதற்கு உலகறிந்த வழக்கு ஒன்று உண்டு. அது நிலக்கடலை வழக்கு என்பதால் நம்மவர்க்கு இன்னும் நன்றாகப் புரியும். 1956 ஆம் ஆண்டில் சூடான் நாட்டு நிலக்கடலை 300 டன்னை ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்துக்கு அனுப்புவதாக ஒரு வியாபார நிறுவனம் ஒப்புக்கொண்டது. நவம்பர், டிசம்பர் மாதங்களில் கப்பலேற்ற வேண்டும். நவம்பர் மாதத் தொடக்கத்தில் சூயஸ் கால்வாய் மூடப்பட்டது. விற்றவர் சரக்கை அனுப்பவில்லை. வழி மூடிவிட்டதென்றும், ஒப்பந்தத்திலேயே தடுக்கவொண்ணா நிகழ்ச்சி ஷரத்து இருக்கிறதென்றும் வாதாடினார். வழக்கு இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வரை சென்றது. ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றிச் செல்லும் வழி திறந்திருந்தது. அது இரண்டரை மடங்கு தூரமுள்ளது, கூலியும் அதிகம். ஆனால் கடலை கெட்டுப்போகும் பண்டமன்று. இன்ன நாளில் ஹாம்பர்க் சேரவேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. சூயஸ் வழியாகத்தான் அனுப்பவேண்டுமென்று ஒப்பந்தம் சொல்லவும் இல்லை. ஆகவே சுற்றுவழியில் அனுப்பியிருக்க வேண்டியது விற்றவர் கடமை என்று 1961 ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. கூலி ஏறியது அவருடைய நஷ்டம்.

நமது கயிறும் கெட்டுப்போகும் பண்டமன்று. குமுளிச் சாலை மூடியிருந்தால், செங்கோட்டை வழியாகவோ பாலக்காடு, கோயம்புத்தூர், திண்டுக்கல் வழியாகவோ லாரி அந்நாட்களில் ஓடியதா என்று சங்கம் விசாரிக்க வேண்டும். லாரிக் கம்பெனிக்காரர்களைக் கேட்டால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும் விஷயம் இது. ஒரு வழி திறந்திருந்ததென்றும், அதனால் லாரிக் கூலி 12,000 ரூபாய் கூடியிருக்குமென்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கூடலூர்க் கிடங்கில் கொண்டுவந்து இறக்குவதாக ஏற்றுக்கொண்டவர் வியாபாரி; ஆகவே அந்த 12,000 ரூபாயும் அவரைச் சார்ந்தது. எல்லா வழிகளும் மூடியிருந்தன, அல்லது லாரியை எரித்துவிடுவார்கள் என்ற உண்மையான அபாயம் வழியெங்கும் இருந்தது என்று அவர் காட்டினால் அப்போது நியாயம் அவர் பக்கம் சாயும். வாழைத்தாரைப் போன்ற அழியும் பண்டமாயின் சுற்றுவழி ஒரு வழியே ஆகாது என்பதையும் மறக்கலாகாது.

இவ்விடத்தில் சங்கங்கள் தம்மைத்தாமே சோதித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சரக்கை எங்கே ஒப்படைப்பதென்று ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது? 'ஆலப்புழைக் கிடங்கில் ஒப்படைப்பு, லாரிக் கூலி வாங்குபவருடையது' என்று எழுதியிருந்தால், சாலையின் அபாயம் முழுவதும் சங்கத்தினுடையது. வியாபாரி தம் கிடங்கில் சரக்கை ஆயத்தமாக வைத்துக்கொண்டு, 'எடுத்துப் போங்கள், பணம் தாருங்கள்' என்று கேட்கலாம். அப்பொழுது தடுக்கவொண்ணா நிகழ்ச்சியைச் சொல்லிக் கடிதம் எழுதவேண்டியவர் வியாபாரியன்று, சங்கமே. கிலோவுக்கு அரை ரூபாய் மலிவென்று கருதிக் கிடங்கடி விலைக்கு ஒப்பந்தம் செய்யும் நிர்வாகக் குழுக்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

மூன்றாவது கேள்வி தேதியைப் பற்றியது. நிகழ்ச்சி டிசம்பர் முதல் வாரத்தில். கடிதமோ 20 ஆம் தேதியில். ஏழு நாள் நிபந்தனை கடந்துவிட்டது. ஒப்புக்கொண்ட தவணையும் கடந்துவிட்டது. மத்திய அரசின் நிதி அமைச்சகம் 2017 ஆம் ஆண்டில் வெளியிட்ட சரக்குக் கொள்முதல் கையேட்டில் இதுபற்றித் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: நிகழ்ச்சி நேர்ந்தவுடன் விற்பவர் அறிவிக்கவேண்டும், காரியம் முடிந்தபின் காரணம் காட்டக் கூடாது. ஷரத்து பொறுப்பை அடியோடு நீக்குவதில்லை. நிகழ்ச்சி நீடிக்கும் காலத்துக்கு நிறுத்திவைக்க மட்டுமே செய்கிறது என்றும் அதில் கண்டிருக்கிறது. தடை 90 நாட்களுக்கு மேல் நீண்டால் எந்தக் கட்சியும் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்பது அதிலுள்ள வரம்பு. கொரோனா நோய் சீனத்தில் பரவிச் சரக்கு வரத்து தடைப்பட்ட காலத்தில், 2020 ஆம் ஆண்டு பிப்ரவரி 19 ஆம் தேதி அந்த அமைச்சகம் வெளியிட்ட குறிப்பும் இக்கையேட்டையே எடுத்துக்காட்டி, முறைப்படி நடந்துகொண்டு ஷரத்தைப் பயன்படுத்தலாமென்று சொன்னது. இது அரசாங்கக் கொள்முதலுக்கு எழுதப்பட்டதேயன்றிச் சங்கங்களைக் கட்டுவதன்று. ஆயினும் சங்கம் தன் ஒப்பந்தத்தை எழுதும்போது முன்னால் வைத்துக்கொள்ளத்தக்க மாதிரி.

இனிக் கடிதத்தின் இரண்டாம் பகுதியான விலை உயர்வுக்கு வருவோம். உண்மையில் பல கடிதங்களின் உட்பொருள் இதுவே. சாலையும் வெள்ளமும் மேற்பூச்சு. விலை ஏறியது தடுக்கவொண்ணா நிகழ்ச்சியாகாது. இந்தோனேசிய நிலக்கரியின் விலை அந்நாட்டுச் சட்ட மாறுதலால் ஏறியபோது, அதை எரித்து மின்சாரம் தர ஒப்புக்கொண்டிருந்த பெரிய கம்பெனிகள் இந்த ஷரத்தின் நிழலில் ஒதுங்கப் பார்த்தன. 2017 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நிறைவேற்றுவது செலவு மிகுந்ததாகிவிட்டது என்பதனால் மட்டும் ஒப்பந்தம் முறிந்துவிடாது என்று அத்தீர்ப்பு கூறுகிறது. ஒப்பந்தத்திலேயே ஷரத்து இருந்தால் வழக்கு 1872 ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 32 ஆம் பிரிவின்படி, ஷரத்தின் சொற்களைக் கொண்டே தீர்க்கப்படும். ஷரத்தே இல்லாதபோதுதான், செய்ய இயலாததாகிவிட்ட காரியத்தைக் குறித்த 56 ஆம் பிரிவுக்குப் போகவேண்டும் என்ற பாகுபாட்டையும் அது விளக்கிற்று. அப்பெருங் கம்பெனிகளுக்குக் கிடைக்காத சலுகை கயிற்று வியாபாரிக்கு மட்டும் கிடைப்பதெப்படி?

நெசவாளர் சங்கங்களுக்கு இதைவிட அடிக்கடி வருவது வேறொரு கடிதம். 'மில்லிலிருந்து எமக்கே நூல் வரவில்லை. நாங்கள் எப்படித் தருவது?' என்பது அது. இதற்கு ஒரு ஜவுளி வழக்கு விடை சொல்கிறது. 1941 ஆம் ஆண்டில் கான்பூர் விக்டோரியா மில்லின் துணிப் பேல்களை விற்பதாக ஒரு வியாபாரி ஒப்புக்கொண்டார். மில் எமக்குத் தரத்தர நாங்கள் உமக்குத் தருவோம் என்பது வாசகம். பேல்கள் வரவில்லை. மில் தராததால் ஒப்பந்தம் முறிந்துவிட்டதென்று அவர் வாதாடினார். 1952 ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான கங்கா சரண் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளிவிட்டது. அவ்வாசகம் எப்படி, எப்பொழுது ஒப்படைப்பது என்ற முறையைச் சொல்கிறதேயன்றி, மில் தந்தால்தான் தருவேன் என்ற நிபந்தனையாகாது என்பது முடிவு. ஆகவே அத்தகைய கடிதம் வந்தால் காரியதரிசி நூல் வியாபாரியைக் கேட்கவேண்டியவை இரண்டு: மில் தராததற்கு மில் எழுதிக்கொடுத்த காரணம் என்ன? அந்நாட்களில் மில்லிலிருந்து வந்த நூலை யார் யாருக்கு, என்ன விலைக்குக் கொடுத்தீர்? இரண்டாவது கேள்விக்குப் பதில் வராமற்போனால், நமது சிட்டங்கள் அதிக விலை கொடுத்த வேறொருவர் தறிக்குப் போயினவோ என்று ஐயுறலாம்.

மீண்டும் கயிற்றுக்கே வருவோம். கடிதம் வந்த இரண்டொரு நாளில் சங்கம் பதிலெழுத வேண்டும். நீண்ட கடிதம் தேவையில்லை. ஷரத்து பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்ளவில்லை, அறிவிப்பு காலங்கடந்தது, சாலை அடைபட்ட நாளில் இருந்த கையிருப்புக் கணக்கு, லாரி பதிவுச் சீட்டு, அதிகாரிகளின் உத்தரவு இருந்தால் அதன் நகல் ஆகியவற்றை இன்ன தேதிக்குள் அனுப்புக, வேறு வழியில் ஏன் அனுப்பவில்லை என்று தெரிவிக்க, 52 ரூபாய் விலையை ஏற்கவில்லை, சங்கம் தன் உரிமைகள் அனைத்தையும் நிறுத்தி வைத்துக்கொள்கிறது. இவ்வளவே போதும். விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். அதே கடிதத்தில் ஒப்பந்தத்தை ரத்துச் செய்துவிட்டதாக எழுதிவிடக் கூடாது. வியாபாரியின் காரணம் பின்னர் உண்மையென்று நிரூபணமானால், காரணமின்றி முறித்தவர் சங்கம் என்றாகிவிடும். கோபத்தில் எழுதும் கடிதத்தைக் குழுவில் ஓர் இரவு வைத்திருந்து அனுப்புவது நலம்.

கடிதம் எழுதியபின் சங்கம் கைகட்டிக்கொண்டு இருக்கவும் கூடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 73 ஆம் பிரிவின் விளக்கம், நஷ்டத்தைக் கணக்கிடும்போது அதைத் தவிர்க்க வாங்குபவருக்கு என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்கவேண்டும் என்கிறது. டிசம்பர் 15 ஆம் தேதியில் மதுரைச் சந்தையிலிருந்து கூடலூர்க் கிடங்கு வரை கயிறு 48 ரூபாய்க்குக் கிடைத்ததென்று கொள்வோம். வியாபாரியின் காரணம் பொய்யாயின், சங்கத்தின் நஷ்டம் கிலோவுக்கு 8 ரூபாய் வீதம் 32,000 ரூபாய். அத்துடன் முன்பணம் 40,000 ரூபாயும் திரும்பவேண்டும். ஆனால் சங்கம் ஒன்றும் செய்யாமல் ஜனவரி முடிய இருந்து, 55 ரூபாய்க்கு வாங்கியதானால் வித்தியாசம் 60,000 ரூபாயாகும். நீதிமன்றம் பொதுவாகத் தவணை நாளின் விலையையே அளவுகோலாகக் கொள்ளும். மிகுதி 28,000 ரூபாய் அங்கத்தினர் தலையில் விழும். ஆதலால் தவணை நாளில் இரண்டு மூன்று கடைகளிலிருந்து எழுத்தில் விலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று வருஷம் கழித்து அந்நாளின் விலையை நினைவிலிருந்து சொல்வாரை யாரும் நம்புவதில்லை.

வியாபாரியின் காரணம் மெய்யென்று தெரிந்தால் கணக்கு மாறும். நஷ்டஈடு கிடையாது. ஒப்பந்தமும் முடிந்துவிடவில்லை, தூங்குகிறது. சாலை திறந்ததும் அவர் 4,000 கிலோவையும் பழைய 40 ரூபாய் விலைக்கே கொண்டுவந்து இறக்கலாம். சங்கம் எடுத்துக்கொண்டேயாக வேண்டும். இடையில் சங்கம் முழு அளவையும் மதுரையில் வாங்கிவிட்டிருந்தால் கிடங்கில் இரட்டிப்புச் சரக்கு கிடக்கும். இதைத் தவிர்க்க ஒரு வழியுண்டு. உடனடித் தேவை 1,500 கிலோ மட்டுமாயின் அவ்வளவை மட்டும் வெளியில் வாங்கி, அந்த அளவை ஒப்பந்தத்திலிருந்து குறைத்துக்கொள்ள வியாபாரியின் சம்மதத்தைக் கையெழுத்துடன் பெறவேண்டும். தடையில் சிக்கியவர் பெரும்பாலும் இதற்கு இணங்குவார். தடை முடிவின்றி நீண்டு ஒப்பந்தம் இல்லாததாகிவிட்டால், 65 ஆம் பிரிவின்படி முன்பணத்தை அவர் திருப்பித் தரவேண்டும். தடுக்கவொண்ணா நிகழ்ச்சி நேர்ந்ததால் முன்பணம் தமக்கே சொந்தமென்று சொல்லும் வியாபாரிகள் உண்டு; ஒப்பந்தத்தில் அவ்வாறு தெளிவாக எழுதியிராவிட்டால் அதற்குச் சட்டத்தில் இடமில்லை.

கடைசியாக, சரக்கு ஒருநாள் வந்தே விடுகிறது. ஜனவரி நடுவில் லாரி கிடங்கு வாயிலில் நிற்கிறது. கயிறு நன்றாக இருக்கிறது, அங்கத்தினர்கள் காத்திருக்கிறார்கள். கிடங்குக் காப்பாளர் சலானில் கையெழுத்திட்டுச் சரக்கை இறக்கிவிடுகிறார். பெரும்பாலான சங்கங்கள் தோற்பது நீதிமன்றத்தில் அன்று, இந்தச் சலானில்தான். காலக்கெடு முக்கியமாக உள்ள ஒப்பந்தத்தில், காலங்கடந்து வந்த சரக்கை வாங்குபவர் ஏற்றுக்கொண்டால், ஏற்கும் அப்பொழுதே நஷ்டஈடு கேட்கப்போவதாக அறிவித்திருந்தாலன்றிப் பின்னர் தாமதத்துக்காக ஈடு கேட்க முடியாது என்று 55 ஆம் பிரிவு சொல்கிறது. மறுநாள் எழுதும் கடிதம் பயன்படாமற்போகலாம். அதுபோலவே, 52 ரூபாய் விலைப்பட்டியலுக்கு வாய் பேசாமல் பணம் கொடுத்துவிட்டால், சங்கம் புதிய விலைக்கு இணங்கிவிட்டதென்று வாதாட இடம் ஏற்படும். சரக்கு அவசியம் வேண்டுமென்ற நெருக்கடியில் கொடுத்தேயாக வேண்டுமானால், வித்தியாசத் தொகையை ஆட்சேபணையுடன் கொடுப்பதாக முன்கூட்டியே எழுதிவிட்டுக் கொடுக்கவேண்டும்.

ஆகவே லாரி வருமுன்பே காரியதரிசி கிடங்குக் காப்பாளரிடம் ஒரு சீட்டு எழுதிக்கொடுத்து வைக்கட்டும். 'தவணை கடந்து வந்த சரக்கு. தாமதத்துக்கான நஷ்டஈட்டு உரிமையுடன், கிலோ 40 ரூபாய் ஒப்பந்த விலைக்கு ஏற்கப்பட்டது' என்னும் இந்த வாசகத்தைச் சலானின் இரண்டு பிரதிகளிலும் அவர் தேதியுடன் எழுதி, லாரிக்காரரின் கையெழுத்தை வாங்கிக்கொண்ட பிறகு கட்டுகளை இறக்கினால் போதும்.